ஃபேன் நிறுத்தியாச்சு, ஆனாலும் ட்ரஃபில் கரண்ட் அடிக்குது. இது எப்படி?

நைட் ஃபிட்டர்
வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருக்கிறேன். எந்தத் தோட்டம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். போன செவ்வாய் ராத்திரி நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நான் செய்ததில் பிழை இருந்தால் சொல்லுங்கள், எனக்குப் புரியாத இடம் ஒன்றும் இருக்கிறது.

எங்கள் வாட்டும் மாடி வெள்ளைக்காரன் காலத்து மாடி. தரை முழுக்கப் பலகை, நடுவில் கீழே மண் வரைக்கும் போகிற இரும்புத் தூண்கள். கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிற எட்டு ட்ரஃப், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு ஃபேன். மாதத்துக்கு ஒரு தரம் ஃபேன் பெயரிங்குக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். பின்னேரம் ஏற்றிய கொழுந்து விடியற்காலம்தான் ரோலருக்கு இறங்கும், அதனால் ஒவ்வொரு ஃபேனாக ஐந்து நிமிஷம் நிறுத்தி, அடித்துவிட்டு, திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

ஒரு மணி இருபது இருக்கும். ஐந்தாம் ட்ரஃப். ஸ்டாப் பட்டனை அழுத்தினேன், ஃபேன் சுற்றி ஓய்ந்து நின்றது, குனிந்து கிரீஸ் கன்னை நிப்பிளில் மாட்டினேன். இடம் ஒடுக்கம், அதனால் இடது தோளைத் தூணில் சாய்த்தேன். அவ்வளவுதான், யாரோ நெஞ்சில் உதைத்தது போல இருந்தது. கன் ஒரு பக்கம் போய் விழுந்தது, நான் ஒரு பக்கம். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தேன், அது இல்லாமல் வெறும் தோள் பட்டிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எழுந்து டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. எனக்குத்தான் பிரமையோ என்று நினைத்தேன். லைட் வெளிச்சத்தைக் கையால் மறைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மின்மினி அளவுக்கு வெளிச்சம். பிறகு மீட்டரை எடுத்து வந்து ட்ரஃப் உடம்புக்கும் தூணுக்கும் நடுவில் வைத்தேன். 168 வோல்ட். சரி, ஐந்தாம் ட்ரஃபில் கோளாறு என்று நினைத்துச் சும்மா ஒரு சந்தேகத்துக்கு நாலாம் ட்ரஃபிலும் வைத்துப் பார்த்தேன். அதிலும் 168. ஆறு, ஏழு, ஒன்று, எல்லாவற்றிலும் 168.

ஐந்தாம் ட்ரஃபின் ஐசோலேட்டரை இறக்கினேன், எட்டிலும் போய்விட்டது. ஏற்றினால் எட்டிலும் வருகிறது. 32 ஆம்பியர் பிரேக்கர் விழவே இல்லை. மாடிக்கென்று இருக்கிற ட்ரிப் சுவிட்ச் நெட்டுக்குத்தாக நின்றது, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அசையவில்லை.

ஐசோலேட்டரை இறக்கிவிட்டு டீமேக்கரை எழுப்பினேன். அந்த ட்ரஃபில் கிட்டத்தட்ட 800 கிலோ கொழுந்து. காற்று நின்றால் கொழுந்து சூடேறிவிடும், இரண்டு மணி நேரம்தானே, போட்டுவிடு, விடிந்ததும் பார்ப்போம் என்றார். நான் போட மாட்டேன், வேண்டுமென்றால் அந்தக் கொழுந்தையே முதல் ரோலுக்கு இறக்குங்கள் என்றேன். திட்டினார். ஆனால் கையால் கசக்கிப் பார்த்துவிட்டு, வாட்டம் போதும் என்று இறக்கச் சொன்னார்.

இறக்க வந்த பெரியவர் ஒருவர் சொன்னதுதான் இன்னும் மண்டையில் நிற்கிறது. அந்தத் தூணில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கை துடைக்க என்று நினைத்திருந்தேன். "முதுகு பட்டா பூச்சி கடிக்குது தம்பி, அதான் ஒரு வாரமா கட்டி வச்சிருக்கேன்" என்றார். நான் சாய்ந்தது சாக்குக்கு மேலே.

எர்த் கம்பி இருக்கிறது, கண்ணால் பார்த்தேன், எல்லா ட்ரஃபுக்கும் பச்சைக் கம்பி போகிறது. அப்படியிருந்தும் பிரேக்கர் ஏன் விழவில்லை? ஃபேன் நின்ற பிறகும் எப்படிக் கரண்ட் வந்தது?

கொட்டகலையான்
மோட்டார் உள்ளே கொயில் எரிந்து மோட்டார் உடம்பில் தட்டுகிறது. கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்புங்கள். அப்புறம் எர்த் கம்பியை நட்ட இடத்தைத் தோண்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் நல்லா இருந்தால் பிரேக்கர் விழுந்தே தீரும், இதில் வேறு கதை இல்லை. எங்கள் ஊரில் இப்படித்தான் சரி பண்ணினோம்.

டெஸ்டர் எரியவில்லை என்றால் பெரிய கரண்ட் ஒன்றும் இருக்காது, லீக்கேஜ்தான்.

பழைய வயர்மேன்
தம்பி நைட் ஃபிட்டர், முதலில் உயிரோடு இருக்கிறீர்களே, அது போதும். முப்பது வருஷம் ஸ்டோர்களில் கரண்ட் வேலை பார்த்தவன், இப்போது கம்பளையில் வீட்டில் சும்மா இருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் இல்லை. கொட்டகலைத் தம்பி அவசரப்பட்டுவிட்டார். ஸ்டாப் அழுத்தினால் ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற கொன்டாக்டர் மூன்று ஃபேஸையும் சேர்த்து வெட்டிவிடும், மோட்டாருக்கு ஒரு சொட்டுக் கரண்ட் போகாது. கொயில் மோட்டார் உடம்பில் தட்டியிருந்தால் ஃபேன் ஓடும்போது மட்டும் ட்ரஃப் கடிக்கும், நிறுத்தினால் கடிக்காது. உங்களுக்கு நிறுத்திய பிறகு கடித்தது, ஐசோலேட்டரை இறக்கியதும் போனது. அப்படியானால் கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஐசோலேட்டரிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வருகிற கேபிளைத் தடவிக்கொண்டே போங்கள், கம்பி ட்ரஃபையோ குழாயையோ தொடுகிற இடத்தில் பாருங்கள்.

டெஸ்டர் விஷயம். அது உங்கள் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிற மிகச் சின்னக் கரண்டில் எரிகிறது. நீங்கள் நின்றது பலகையில், காலில் ரப்பர் பூட்ஸும் இருந்திருக்கும். உங்கள் உடம்பே தொங்கிக்கொண்டிருக்கிறது, அப்புறம் அது எப்படிப் பளிச்சென்று எரியும்? பலகை மாடியில் டெஸ்டரை நம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூணுக்கும் ட்ரஃபுக்கும் நடுவில் மீட்டரை வைத்தீர்களே, அதுதான் சரியான வேலை, ஏனென்றால் ஆபத்தே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மாடியில் நின்று ட்ரஃபை மட்டும் தொட்டால் ஒன்றும் தெரியாது. தூணையும் சேர்த்துத் தொட்டால் முழுசும் நெஞ்சு வழியாகப் போகும்.

இரண்டு கேள்வி. உங்கள் ட்ரான்ஸ்ஃபார்மர் எங்கே இருக்கிறது, அங்கிருந்து எத்தனை கம்பி வருகிறது? எர்த் கம்பி நட்டிருக்கிற இடத்தில் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தீர்களா?

மஸ்கெலியா மலர்
இதே பிரச்சினைதான் எங்கள் லயத்திலும். மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, ராத்திரி பூரா இருட்டு. மாமா சொல்கிறார் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கம்பியை இணைத்துவிடலாம் என்று. விழாமல் இருக்க என்ன வாங்க வேண்டும்?

பண்டாரவளைப் பையன்
இடி மின்னலாக இருக்கும் அண்ணே. ஏப்ரல் மாதத்தில் எங்கள் பக்கம் மின்னல் அடித்து டீவி எல்லாம் போனது. கூரையில் இடிதாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் கம்பியில் மின்னல் வந்தால்தான் எல்லா ட்ரஃபிலும் ஒரே நேரம் வரும்.

நைட் ஃபிட்டர்
பண்டாரவளைத் தம்பி, அன்றைக்கு வானம் வெளுத்து நிலா தெரிந்தது, மின்னலுக்கு வேலையே இல்லை.

வயர்மேன் அண்ணே, ட்ரான்ஸ்ஃபார்மர் ரோட்டோரம் கம்பத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாலு கம்பி, மூன்று ஃபேஸும் நியூட்ரலும். எர்த் அங்கிருந்து வரவில்லை, எங்கள் ஸ்டோர் பின்பக்கம் பாறைக்கு ஓரமாக ஒரு கம்பி நட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லை. மாடிக் கதவைப் பூட்டி, ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு நிமிஷம் மட்டும் ஐசோலேட்டரை ஏற்றச் சொல்லி எர்த் கம்பியில் கிளாம்பைப் போட்டேன். 4.2 ஆம்பியர். இறக்கியதும் பூச்சியம்.

அப்புறம் கேபிளைத் தடவிக்கொண்டு போனேன். நீங்கள் சொன்னது போலவே. ட்ரஃபின் தலைமாட்டில் தகரப் பெட்டிக்குள் கேபிள் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், அது இல்லை. காய்ந்து உதிர்ந்திருக்கிறது, கீழே இரண்டு துண்டு கிடந்தது. ஃபேன் அதிர்ந்து அதிர்ந்து தகர விளிம்பு கேபிளை அறுத்திருக்கிறது. அரை அங்குலத்துக்குச் செம்பு பளபளவென்று தெரிகிறது, சுற்றிலும் தகரத்தில் கறுப்பாகக் கரி. பக்கத்தில் எலிப் புழுக்கையும் இருந்தது, அதனால் எலி கடித்ததா அதிர்வில் அறுந்ததா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

பழைய வயர்மேன்
4.2 என்பதைப் பார்த்ததும் கதை முழுசாகத் தெரிந்துவிட்டது.

செம்பு தகரத்தைத் தொடுகிறது. கரண்ட் பச்சைக் கம்பி வழியாக உங்கள் எர்த் கம்பிக்குப் போகிறது. அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்குத் திரும்பும்? ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து எர்த்துக்கென்று தனிக் கம்பி வரவில்லை, ஆகவே மண்ணுக்குள் இறங்கி, மண் வழியாகவே நடந்து, ட்ரான்ஸ்ஃபார்மர் அடியில் நட்டிருக்கிற எர்த்தில் ஏறித்தான் திரும்ப வேண்டும். மண் என்பது செம்புக் கம்பி இல்லை தம்பி. 230 வோல்ட்டை 4.2 ஆல் வகுத்துப் பாருங்கள், மொத்த வழியில் 55 ஓம் அளவுக்குத் தடை. அதில் உங்கள் பக்கத்து எர்த் மட்டும் 168 ஐ 4.2 ஆல் வகுத்தால் 40 ஓம். பாறையோரத்தில் நட்ட கம்பிக்கு இது ஆச்சரியமே இல்லை, வறட்சிக் காலத்தில் இன்னும் ஏறும். தூணின் அத்திவாரம் எர்த் கம்பிக்குக் கிட்ட இருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டியிருக்கும், ஆக 40 என்பது குறைந்தபட்சம்.

இப்போது பிரேக்கர் பக்கத்திலிருந்து பாருங்கள். அது 32 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழ வேண்டும் என்று யோசிக்கவே ஆரம்பிக்கும். நாலு ஆம்பியர் அதற்கு ஒரு கேத்தல் மாதிரி. வருஷக்கணக்கில் ஓட விடும். உங்கள் முதலாளி அந்த ஒரு வாரமும் ஒரு கிலோவாட்டை மண்ணுக்குள் ஊற்றியிருக்கிறார், ஒரு நாளைக்கு 23 யூனிட் பில்லில் ஏறியிருக்கும். இதைத் தொரையிடம் சொல்லுங்கள், ஷாக்கைவிட இது சீக்கிரம் காதில் விழும்.

எட்டு ட்ரஃபிலும் ஏன் வந்தது என்பதும் இதில்தான். எட்டையும் ஒரே பச்சைக் கம்பி கோர்த்திருக்கிறது. மண் அந்தக் கரண்டை முழுசாக விழுங்கவில்லை, ஆகவே அந்தப் பச்சைக் கம்பியே 168 வோல்ட்டில் நிற்கிறது. கோளாறு ஐந்தில், ஆனால் எர்த் கம்பிதான் அதை ஒன்றாம் ட்ரஃபுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கீழே ரோலருக்கும் அதே கம்பி போகிறதா என்று பாருங்கள். போனால் அங்கே இன்னும் மோசம், ஏனென்றால் கீழ்த் தரை சீமெந்து, ஈரம், பலகை இல்லை.

கொட்டகலையான்
அப்படியென்றால் எர்த்தைச் சரி பண்ணினால் போதும் என்று நான் சொன்னதும் சரிதானே? 40 ஓமை 5 ஓமாக்கினால்?

பழைய வயர்மேன்
பாதி சரி. உப்பும் கரியும் போட்டால் இறங்கும், நாலு கம்பி நட்டுச் சேர்த்தால் இன்னும் இறங்கும். 5 ஓம் ஆக்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்சார சபைப் பக்கத்து எர்த்தின் 15 ஓம் உங்கள் கையில் இல்லை. மொத்தம் 20, அப்போது 11 அல்லது 12 ஆம்பியர் போகும். பிரேக்கர் அப்போதும் விழாது. அது சட்டென்று விழ வேண்டுமென்றால் 160 ஆம்பியராவது வேண்டும், அதற்கு மொத்த வழியும் ஒன்றரை ஓமுக்குள் வர வேண்டும். பாறை மலையில் அதை நட்டுக் காட்டுகிறவருக்கு நான் மாலை போடுகிறேன். உப்பு வேறு நாலு மழைக்குக் கரைந்து போகும், கம்பியையும் தின்றுவிடும்.

இந்த மாதிரி இடத்தில் ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச்தான். போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். 300 மில்லி ஆம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். உங்கள் 40 ஓம் எர்த்தில் 300 மில்லி ஆம்பியர் என்றால் ட்ரஃபில் 12 வோல்ட், யாருக்கும் தெரியக்கூட மாட்டாது. ஆக எர்த் சுமாராக இருந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். உங்களுடையது டெஸ்ட் பட்டனுக்கே அசையவில்லை என்றீர்களே. மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

இலைவாசம்
ரிட்டயர்டு டீமேக்கர். உங்கள் டீமேக்கரை எல்லாரும் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை.

மழை நாள் கொழுந்து வாடவே பதினெட்டு மணி நேரம் கேட்கும். நடு ராத்திரியில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து எட்டு ஃபேனும் நின்றால், அரை மணி நேரத்தில் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்புத் தெரியும், அப்புறம் இலை சிவக்கும், அந்தச் சாயம் தேயிலையில் தெரியும், ஏலத்தில் விலை தெரியும், தொரை யாரைக் கேட்பார்? வயர்மேனை இல்லை. என் காலத்தில் ஒரே வாரத்தில் ஆறு தரம் விழுந்திருக்கிறது. ஆறு தரமும் கோளாறு என்று ஒன்றும் அகப்படவில்லை. யார்தான் அந்தச் சனியனைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்?

நான் சரி என்று சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன். ஆனால் கொழுந்தை முதல் ரோலுக்கு இறக்கச் சொன்னது நல்ல யோசனை, அது எனக்கே தோன்றியிருக்காது.

தோஹாவிலிருந்து
நான் நோர்வூட், இப்போது கத்தாரில் மெயின்டனன்ஸ். இங்கே ஸ்டாப் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு மெஷினில் கை வைத்தால் அன்றைக்கே வேலை போகும். ஐசோலேட்டரை இறக்கி, அதில் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். நைட் ஃபிட்டர் அண்ணா, நீங்கள் கிரீஸ் அடிக்கும்போது யாராவது தூக்கக் கலக்கத்தில் ஸ்டார்ட்டை அழுத்தியிருந்தால்? ஷாக்கை விடுங்கள், ஃபேன் கையை எடுத்திருக்கும்.

நைட் ஃபிட்டர்
உண்மைதான் தம்பி. ஐசோலேட்டர் மாடியின் மற்ற முனையில் சுவரில் இருக்கிறது, ஒவ்வொரு ஃபேனுக்கும் போய்ப் போய் வர வேண்டும், எட்டு ட்ரஃப் என்றால் எட்டு நடை. அதனால் ஸ்டாப் பட்டனோடு விட்டுவிடுவோம். எனக்கு வேலை சொல்லித் தந்தவர்களும் அப்படித்தான்.

ஆனால் அன்றைக்கு ஐசோலேட்டரை இறக்கியிருந்தால் எனக்கு ஷாக் அடித்திருக்காது, கோளாறும் தெரிந்திருக்காது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தோஹாவிலிருந்து
மீட்டர் வைத்துப் பார்ப்பது இறக்குவதற்கு முன்னாலும் ஒரு தரம், இறக்கிய பிறகும் ஒரு தரம். முன்னால் வைத்திருந்தால் 168 அப்போதே தெரிந்திருக்கும்.

நைட் ஃபிட்டர்
வயர்மேன் அண்ணே, ட்ரிப் சுவிட்ச் மூடியைத் திறந்தேன். உள்ளே வருகிற நாலு கம்பியும் போகிற நாலு கம்பியும் ஒரு கனெக்டரில் நேராக இணைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. ட்ரிப் சுவிட்சில் ஒரு கம்பியும் இல்லை. அது சும்மா அலங்காரத்துக்கு நிற்கிறது.

கொட்டகலையான்
யார் செய்தது இந்த வேலை? அந்த ஆளைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுங்கள்.

நைட் ஃபிட்டர்
இரண்டு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் ஹெல்ப்பராக இருந்தபோது, இலைவாசம் ஐயா சொன்ன மாதிரி ஒரு மழை வாரம். ராத்திரிக்கு ராத்திரி விழுந்தது. அப்போதிருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியில் ஏறி இணைத்தார், பகலில் ஆள் வந்து பார்க்கும் வரைக்கும்தான் என்றார். ஆள் வரவில்லை, அவரும் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். கீழே நின்று டார்ச் பிடித்தது நான். டேப்பை வெட்டிக் கொடுத்ததும் நான். திறந்து பார்க்கும் வரைக்கும் அது சுத்தமாக மறந்து போயிருந்தது.

பழைய வயர்மேன்
நானும் இரண்டு ஸ்டோரில் செய்திருக்கிறேன் தம்பி. இன்றைக்கு அந்த இரண்டும் எப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அதில் ஒன்று மூடிவிட்டார்கள் என்று கேள்வி.

சரி, இனி வேலையைப் பார்ப்போம். ஒரே ட்ரிப் சுவிட்சை எட்டு ட்ரஃபுக்கும் போட்டதுதான் முதல் பிழை. ஒவ்வொரு பழைய மோட்டாரும் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சம் கசியும், தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, எட்டும் சேர்ந்தால் விழுந்துவிடும். அதனால்தான் இலைவாசம் ஐயாவுக்கு ஆறு தரமும் கோளாறு அகப்படவில்லை. ஒவ்வொரு ட்ரஃபுக்கும் தனியாக 100 மில்லி ஆம்பியரில் ஒன்று போடுங்கள், மாடிக்கு மொத்தமாக 300 இல் கொஞ்சம் தாமதித்து விழுகிற ரகம் ஒன்று. கடையில் கேட்கும்போது தாமதிக்கிற ரகம் என்று அழுத்திச் சொல்லுங்கள், அதில் S என்று ஒரு பெட்டிக்குள் எழுதியிருக்கும். சும்மா ரகத்தை வாங்கிப் போட்டால் கீழே உள்ளதும் மேலே உள்ளதும் ஒன்றாக விழும், திரும்பவும் ஒருவர் ஏணியில் ஏறுவார். இப்படிச் செய்தால் ஒரு ட்ரஃபில் கோளாறு என்றால் அந்த ஒன்றுதான் நிற்கும், மற்ற ஏழும் ஓடும், டீமேக்கரும் தூங்கலாம்.

கூடவே அந்த இரும்புத் தூண்களையும் பச்சைக் கம்பியோடு தடித்த கம்பியால் கட்டிவிடுங்கள். அப்புறம் ட்ரஃபில் என்ன வோல்ட் வந்தாலும் தூணிலும் அதே வோல்ட்தான், இரண்டையும் தொடுகிறவருக்கு வித்தியாசம் இருக்காது.

தோஹாவிலிருந்து
அண்ணே, இதில் எனக்குச் சந்தேகம். தூண் கீழே ரோலர் தளத்துக்கும் வருகிறதே. அங்கே ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்று தூணைத் தொடுகிறவருக்கு?

பழைய வயர்மேன்
நல்ல கேள்வி. தூண்கள் மண்ணில் ஆழமாக இருப்பதால் கட்டியதும் அவையே பெரிய எர்த்தாக வேலை செய்து வோல்ட்டை இறக்கும். ஆனால் எவ்வளவு இறக்கும் என்று அளக்காமல் நான் சொல்ல மாட்டேன். முதலில் ட்ரிப் சுவிட்ச், அது வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு தூண். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இலைவாசம்
எட்டு ட்ரிப் சுவிட்சுக்குத் தொரை காசு கொடுப்பார் என்று நினைக்கிறீர்களா?

கொட்டகலையான்
கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் சொல்ல வேண்டியதுதான். தொழிற்சாலைப் பரிசோதனைக்கென்று எஞ்சினியர் இருக்கிறார்கள், 1942 ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது.

இலைவாசம்
இருக்கிறது. சொன்னவர் யார் என்று தொரைக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், அதுவும் இருக்கிறது. அந்தப் பொடியன் லயத்தில்தான் குடியிருக்கிறான், வீடும் வேலையும் ஒரே கையில். நீங்கள் கொட்டகலையிலிருந்து சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்.

கொட்டகலையான்
அப்போ செத்த பிறகு சொல்லலாமா?

நைட் ஃபிட்டர்
சண்டை வேண்டாம். வயர்மேன் அண்ணன் சொன்ன 23 யூனிட் கணக்கை ஒரு தாளில் எழுதி, அறுந்த கேபிள் துண்டையும் சேர்த்து சின்னத் தொரையிடம் கொடுத்தேன். கேபிளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதம் நாலு, அடுத்த மாதம் நாலு என்று சொல்லியிருக்கிறார். மாடிக்கு மொத்தமாகப் போடுகிற S வகை நேற்று வந்துவிட்டது, போட்டுவிட்டோம். டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், டக்கென்று விழுந்தது.

ஐந்தாம் ட்ரஃபுக்குப் புதுக் கேபிள், ஓட்டையில் புது ரப்பர் வளையம். மற்ற ஏழு ஓட்டையையும் பார்த்தேன், மூன்றில் வளையம் இல்லை. இரண்டாம் ட்ரஃபில் கேபிளின் வெளித்தோல் பாதி அறுந்திருக்கிறது, செம்பு தெரியவில்லை. அதையும் மாற்றினேன். ரோலருக்குப் போகிற பச்சைக் கம்பி அதேதான் அண்ணே, நீங்கள் கேட்டது சரி.

நேற்று ராத்திரி மழை. மூன்று மணிக்கு ஒரு தரம் விழுந்தது. டீமேக்கர் என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு ஐசோலேட்டராக இறக்கி ஏற்றிப் பார்த்ததில் ஏழாம் ட்ரஃபில் மாட்டியது. பத்து நிமிஷம் ஆனது. காலையில் மெகர் வைத்து இன்சுலேஷனைப் பார்த்தால் ஏழாம் மோட்டார் பூச்சியத்துக்குக் கிட்டவே நிற்கிறது.

பழைய வயர்மேன்
கழற்றி ட்ரையர் பக்கம் சூட்டில் இரண்டு நாள் வைத்துவிட்டுத் திரும்ப மெகர் வையுங்கள். ஏறினால் ஈரம், துடைத்துப் பூட்டலாம். ஏறாவிட்டால் கொட்டகலைத் தம்பி சொன்ன ரீவைண்டிங், அவருக்கும் ஒரு தரம் சரியாக வரட்டும்.

மலர் என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாமாவைக் கழற்ற விடாதே அம்மா. அடுத்த தரம் மழையில் விழுந்தால் பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பிரேக்கர்களை எல்லாம் இறக்கி, ட்ரிப் சுவிட்சை ஏற்று. நின்றால் ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றிப் பார், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் தண்ணீர். வெளியே பல்ப் ஏதாவது இருக்கிறதா?

மஸ்கெலியா மலர்
கக்கூசுக்குப் போகிற வழியில் ஒன்று இருக்கிறது ஐயா, கூரைத் தகரத்துக்குக் கீழே. ஹோல்டரைச் சுற்றி பொலித்தீன் பை கட்டியிருக்கிறோம். மாமாதான் கட்டினார், நனையாமல் இருக்க.

நைட் ஃபிட்டர்
அந்தப் பையை அவிழ்க்கும் முன் மெயினை இறக்கிவிடுங்கள் தங்கச்சி. அதற்குள் தண்ணீர் நிற்கும்.